நீளமான சூப்பர் மார்க்கெட் பில்... மூணு போட்டோ... ஒரே லிஸ்ட்! கணக்கு தப்பாம சேர்ப்பது எப்படி?

மாதத்தின் முதல் ஞாயிறு. மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டில், ஒருவர் மட்டும் கடைக்குப் போய் மொத்த மளிகையையும் வாங்கி வருகிறார். பில் ஒரு முழம் நீளம். ஒரே போட்டோவில் எடுத்தால் எழுத்து எறும்பு மாதிரி தெரிகிறது. அதனால் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என மூன்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறார். ஏதாவது விட்டுப்போயிடக் கூடாதே என்று, ஒவ்வொரு போட்டோவிலும் முந்தைய போட்டோவின் கடைசிச் சில வரிகளும் விழுகிற மாதிரி எடுத்திருக்கிறார். நல்ல பழக்கம்தான். ஆனா, இதைப் பார்த்து யார் எவ்வளவு தர வேண்டும் என்று லிஸ்ட் போட உட்காரும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கும்.

ஏன்னா, இரண்டு போட்டோவிலும் இருக்கும் வரிகளை இரண்டு முறை எழுதிவிட்டால், சாப்பிட்டவர் தலையில் கூடுதல் காசு விழும். 'ஒரே மாதிரி இருக்கே' என்று நினைத்து நிஜமாகவே இரண்டு முறை வாங்கிய பொருளை அடித்துவிட்டால், கடையில் காசு கொடுத்தவருக்குக் கையைக் கடிக்கும். இரண்டுமே நடக்காமல் லிஸ்ட்டைச் சேர்க்க ஒரு வழி இருக்கிறது. அதை ஒரு மாதிரி பில்லை வைத்தே பார்ப்போம்.

ஒரே மாதிரி வரி... ரெண்டு காரணம்!

லிஸ்ட்டில் 'பால் 28.00' என்று இரண்டு வரி இருந்தால், அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பில்லில் ஒரே முறை அச்சான வரி, இரண்டு போட்டோவிலும் விழுந்திருக்கிறது. இன்னொன்று, நிஜமாகவே இரண்டு பாக்கெட் பால் வாங்கி, கவுன்டரில் இருப்பவர் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்திருக்கிறார்.

சில கடைகளின் பில்லிங் மெஷின், ஒரே பொருளை இரண்டாவது முறை ஸ்கேன் செய்ததும் பழைய வரியிலேயே எண்ணிக்கையை 2 என்று மாற்றிவிடும். வேறு சில கடைகளில் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் தனி வரி அச்சாகும். கூடையில் மேலே ஒரு பிஸ்கட்டும் அடியில் ஒரு பிஸ்கட்டும் கிடந்தால், பில்லிலும் அது இரண்டு இடத்தில் தனித்தனியாக வரும். உங்கள் கடை இரண்டாவது ரகம் என்றால், 'ஒரே மாதிரி இருந்தால் டூப்ளிகேட்' என்ற கணக்கு அங்கே எடுபடாது.

அதனால், ஒரு வரியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் பத்தாது. அதற்கு மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நம்ம மாதிரி பில்

மூன்று போட்டோவிலும் இருக்கும் வரிகள் இவைதான்.

முதல் போட்டோ (8 வரிகள்):

- பொன்னி அரிசி 5 கிலோ – 340.00
- துவரம் பருப்பு 1 கிலோ – 148.00
- பிஸ்கட் – 20.00
- ரவை 500 கிராம் – 32.00
- கடலை எண்ணெய் 1 லிட்டர் – 195.00
- பிஸ்கட் – 20.00
- நூடுல்ஸ் (2 பாக்கெட்) – 112.00
- தக்காளி 0.845 கிலோ – 33.80

இரண்டாவது போட்டோ (7 வரிகள்):

- பிஸ்கட் – 20.00
- நூடுல்ஸ் (2 பாக்கெட்) – 112.00
- தக்காளி 0.845 கிலோ – 33.80
- வெங்காயம் 1.210 கிலோ – 43.56
- தயிர் – 40.00
- பால் – 28.00
- பால் – 28.00

மூன்றாவது போட்டோ (6 வரிகள்):

- பால் – 28.00
- பால் – 28.00
- குளியல் சோப்பு – 45.00
- ஷாம்பு – 99.00
- பாத்திரம் தேய்க்கும் சோப்பு – 30.00
- முட்டை 12 – 84.00

இதற்குக் கீழே பில்லின் வால் பகுதி: மொத்த ஐட்டம் 17. கூட்டுத்தொகை 1,326.36. ரவுண்ட் ஆஃப் –0.36. கட்ட வேண்டியது 1,326.00.

வழக்கமா நடக்குற ரெண்டு தப்பு

முதல் தப்பு, மூன்று போட்டோவையும் அப்படியே வரிசையாக எழுதிக் கூட்டுவது. 8, 7, 6 சேர்த்து 21 வரிகள் வரும். தொகை 1,520.16. பில்லைவிட 193.80 ரூபாய் அதிகம். இதில் நூடுல்ஸ் மட்டுமே 112 ரூபாய். அந்த நூடுல்ஸ் வீட்டில் ஒருவருக்கு மட்டும் வாங்கியது என்றால், வாங்காத இரண்டு பாக்கெட்டுக்கும் அவர் காசு கொடுத்துக்கொண்டிருப்பார்.

இரண்டாவது தப்பு இன்னும் நைஸாக நடக்கும். 21 வரிகளையும் கூகுள் ஷீட்ஸில் போட்டு, கம்ப்யூட்டரில் Data → Data cleanup → Remove duplicates கொடுத்துவிடுவது. ஒரே க்ளிக், லிஸ்ட் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் இந்த வசதி, அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் வரிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் நீக்கிவிடும். நம் பில்லில் பிஸ்கட் நிஜமாகவே இரண்டு. இதில் ஒன்று போச்சு. பாலிலும் ஒரே ஒரு பாக்கெட்தான் மிஞ்சும். மிச்சம் இருப்பது 14 வரிகள், தொகை 1,250.36. அதாவது 76 ரூபாயை யார் கணக்கிலும் எழுதவில்லை. கடையில் கார்டு தேய்த்தவர் அதைச் சத்தமில்லாமல் சுமப்பார்.

முதல் ஒட்டு: கூட்டமா பொருந்துதா பாருங்க

சரி, எப்படிச் சேர்ப்பது? இரண்டாவது போட்டோவின் முதல் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 'பிஸ்கட் 20.00'. அதை முதல் போட்டோவில் தேடினால், மேலிருந்து மூன்றாவது வரியிலேயே கிடைத்துவிடும். 'ஆஹா, இதுதான்' என்று அங்கேயே ஒட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். ஏன்னா அந்த பிஸ்கட்டுக்குக் கீழே ரவை இருக்கிறது. இரண்டாவது போட்டோவில் பிஸ்கட்டுக்குக் கீழே இருப்பது நூடுல்ஸ். ஆக, இது அந்த பிஸ்கட் இல்லை.

இன்னும் கீழே வாருங்கள். ஆறாவது வரியில் இன்னொரு பிஸ்கட். அதற்குக் கீழே நூடுல்ஸ், அதற்கும் கீழே தக்காளி. இரண்டாவது போட்டோவிலும் பிஸ்கட், நூடுல்ஸ், தக்காளி. மூன்றும் அதே வரிசையில் பொருந்துகின்றன. அதோடு, முதல் போட்டோ தக்காளியோடு முடிந்தும் போகிறது. இங்கே பார்க்க வேண்டியது இந்த இரண்டைத்தான்: பொருந்தும் வரிகள் இடைவெளி இல்லாமல் வரிசையாக இருக்க வேண்டும், அந்த வரிசை முதல் போட்டோவின் கடைசி வரி வரைக்கும் போய்ச் சேர வேண்டும். நடுவில் எங்கேயோ பொருந்தி, பாதியில் விட்டுப்போனால் அது ஒட்டும் இடம் இல்லை.

இந்த மூன்று வரிகளில் அதிக நம்பிக்கை தருவது தக்காளிதான். பாக்கெட் பொருள் எல்லாம் ஒரே விலையில் திரும்பத் திரும்ப வரும். ஆனால் தராசில் நிறுத்த காய்கறி 0.845 கிலோ, 33.80 என்று வந்தால், அதே எடையும் அதே தொகையும் அதே பில்லில் இன்னொரு முறை வருவது ரொம்ப அபூர்வம். ஒட்டும் இடத்தில் காய்கறியோ பழமோ இருந்தால் அதைத்தான் முதலில் தேடணும்.

ஆக, முதல் ஒட்டில் 3 வரிகள் இரண்டு போட்டோவிலும் இருக்கின்றன. இரண்டாவது போட்டோவிலிருந்து வெங்காயம் முதல்தான் புதுசு.

ரெண்டாவது ஒட்டு: பால் வைக்கும் பொறி

இப்போது மூன்றாவது போட்டோ. இரண்டாவது போட்டோ 'பால், பால்' என்று முடிகிறது. மூன்றாவது போட்டோ 'பால், பால்' என்று ஆரம்பிக்கிறது. இரண்டு வரிகள் வரிசையாகப் பொருந்துகின்றன, கடைசி வரி வரைக்கும் பொருந்துகின்றன. அப்போ, இரண்டு பால்தான் வாங்கியிருக்கிறோம் என்று முடிவு செய்துவிடலாமா?

அவசரப்படாதீங்க. இங்கே மூன்று சாத்தியங்கள் இருக்கின்றன. இரண்டு வரிகளும் இரண்டு போட்டோவிலும் விழுந்திருந்தால், வாங்கியது இரண்டு பால். ஒரு வரி மட்டும் பொதுவாக விழுந்திருந்தால், மூன்று பால். எதுவுமே பொதுவாக விழாமல், ஒரு போட்டோ முடிந்த இடத்தில் அடுத்தது ஆரம்பித்திருந்தால், நான்கு பால். பொருந்தும் வரிகள் எல்லாமே ஒரே பொருளாக இருந்தால், வரிசையை மட்டும் வைத்து இதில் எது சரி என்று சொல்லவே முடியாது.

இங்கேதான் பில்லின் வால் கைகொடுக்கும். மொத்த ஐட்டம் 17 என்று அச்சாகியிருக்கிறது. மூன்று போட்டோவிலும் சேர்த்து நாம் எண்ணியது 21 வரிகள். அப்படியென்றால் 4 வரிகள் இரண்டு முறை விழுந்திருக்கின்றன. அதில் மூன்றை முதல் ஒட்டிலேயே கண்டுபிடித்துவிட்டோம். மீதி ஒன்று. ஆக, இரண்டாவது ஒட்டில் ஒரே ஒரு பால் வரிதான் பொது. வாங்கியது மூன்று பால்.

தொகையை வைத்தும் சரிபார்க்கலாம். இரண்டு பால் என்று வைத்துக் கூட்டினால் 1,298.36 வருகிறது. பில்லைவிட 28 ரூபாய் குறைவு, அதாவது சரியாக ஒரு பாலின் விலை. நான்கு பால் என்றால் 1,354.36, 28 ரூபாய் அதிகம். மூன்று பால் என்றால் 1,326.36. பைசா சுத்தமாகப் பொருந்துகிறது.

ஒரு விஷயம் கவனிங்க. சில பில்களில் ஐட்டம் எண்ணிக்கை என்பது வரிகளின் எண்ணிக்கை. சிலவற்றில் மொத்தப் பாக்கெட்களின் எண்ணிக்கை. நம் பில்லில் நூடுல்ஸ் ஒரு வரி, ஆனால் இரண்டு பாக்கெட். உங்கள் கடை எதை அச்சிடுகிறது என்பதை ஒரு சின்ன பில்லில் எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அது குழப்பமாக இருந்தால், தொகையை நம்புங்கள். ஒப்பிடும்போது ரவுண்ட் ஆஃபுக்கு முந்தைய தொகையோடு ஒப்பிட வேண்டும். 36 பைசா எங்கே போச்சு என்று தேடிக்கொண்டு இருக்க வேண்டாம்.

வால் பகுதியே போட்டோவில் இல்லை, பேப்பரும் குப்பைக்குப் போயாச்சு என்றால்? கார்டிலோ யூ.பி.ஐ-யிலோ கட்டிய தொகை போனில் இருக்குமே, அதை வைத்துச் சரிபார்க்கலாம். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்ப்பதும் உதவும். பில்லில் விழுந்த மடிப்பு, கிழிசல், ஈரக்கறை, ஒரு எழுத்தின் மேல் மட்டும் மங்கிய அச்சு போன்றவை அந்த இடத்துக்கு மட்டுமே சொந்தம். இரண்டாவது போட்டோவின் கடைசி பாலுக்கு மேல் ஒரு மடிப்பு ஓடுகிறது, மூன்றாவது போட்டோவின் முதல் பாலிலும் அதே இடத்தில் அதே மடிப்பு என்றால், இரண்டும் ஒரே வரிதான்.

போன்லயே ஷீட்ல எப்படிப் போடுறது?

போட்டோவிலிருந்து எழுத்தை காப்பி செய்யும் வசதி பல போன்களில் இருக்கிறது. ஆனால் பில்லில் பெயர்கள் ஒரு பக்கமும் தொகைகள் இன்னொரு பக்கமும் இருப்பதால், சில நேரம் எல்லாப் பெயர்களும் முதலில், எல்லாத் தொகைகளும் பிறகு என்று பிரிந்து வந்துவிடும். 8 என்பது B ஆக மாறும், 0 என்பது O ஆக மாறும். ஒரே வரி இரண்டு போட்டோவிலும் வேறு வேறு மாதிரி வாசிக்கப்பட்டால், அது பொருந்தாதது போலத் தெரியும். அதனால் தொகையை முதலில் ஒப்பிடுங்கள். பெயரில் ஓரிரு எழுத்து மாறினால் கண்டுகொள்ள வேண்டாம். இருபது வரிதான் என்றால், சுருக்கமான பெயரோடு கையாலேயே டைப் செய்வது சீக்கிரம் முடியும்.

ஷீட்டில் முதல் போட்டோவின் பெயர்களை A, தொகைகளை B பத்தியில் முதல் வரிசையிலிருந்து போடுங்கள். இரண்டாவது போட்டோவை C, D பத்திகளில் போட்டு, பிஸ்கட் பக்கத்தில் பிஸ்கட், நூடுல்ஸ் பக்கத்தில் நூடுல்ஸ் வரும் வரை கீழே நகர்த்துங்கள். நம் பில்லில் அது ஆறாவது வரிசையிலிருந்து ஆரம்பிக்கும். மூன்றாவது போட்டோ E, F பத்திகளில். அது 12-வது வரிசையிலிருந்து. G6-ல் இதைப் போட்டு, கீழே இரண்டு வரிசைக்கு இழுங்கள்:

```
=B6=D6
```

மூன்றிலும் TRUE வந்தால் முதல் ஒட்டு சரி. இப்போது வரிசை எண்ணே பில்லின் வரி எண். கடைசி வரி 17-வது வரிசையில் முடிந்தால், எண்ணிக்கையும் தானாகச் சரியாகிவிட்டது என்று அர்த்தம். 9 முதல் 12 வரையிலான புதிய வரிகளை C, D-யிலிருந்தும், 13 முதல் 17 வரை E, F-லிருந்தும் A, B-க்கு காப்பி செய்யுங்கள். பிறகு கூட்டிப் பாருங்கள்:

```
=SUM(B1:B17)
```

1326.36 வந்தால் முடிஞ்சது.

கால் இடறும் வரிகள்

பல கடைகளில் ஒரு பொருளுக்கு இரண்டு வரி அச்சாகும். மேலே பெயர், கீழே எண்ணிக்கை, விலை, தொகை. போட்டோவின் ஓரம் இந்த இரண்டுக்கும் நடுவில் வெட்டினால், ஒரு போட்டோவின் கடைசியில் தொகை இல்லாத பெயர் நிற்கும். அடுத்ததன் தொடக்கத்தில் பெயர் இல்லாத தொகை நிற்கும். இப்படி ஓரத்தில் பாதி மட்டும் இருக்கும் பொருளை அந்த போட்டோவின் கணக்கில் எண்ணாதீர்கள். அது முழுசாக இருக்கும் போட்டோவிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். எதிலும் முழுசாக இல்லை என்றால், இரண்டு பாதியையும் சேர்த்து ஒரு வரியாக எழுதுங்கள்.

தள்ளுபடி வரியும், கேன்சல் செய்த வரியும் மைனஸ் தொகையோடு வரும். கவுன்டரில் ஒரு ஷாம்பு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால், 'ஷாம்பு 99.00' என்றும் பிறகு 'ஷாம்பு –99.00' என்றும் இரண்டு வரிகள் இருக்கலாம். அவசரத்தில் மைனஸைக் கவனிக்காமல் 'டூப்ளிகேட்' என்று அதை அடித்தால், வாங்காத ஷாம்புவுக்குக் கணக்கு எழுதியதாகிவிடும். உங்கள் கூட்டல், பில்லைவிட சரியாக ஒரு பொருளின் விலை அளவுக்கு அதிகமாக இருந்தால், முதலில் ஒரு வரி இரண்டு முறை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விட்டுப்போன மைனஸ் வரியைத் தேடுங்கள்.

இன்னொன்றையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையும் தொகையும் பொருந்திய பிறகும் ஒரு தப்பு ஒளிந்துகொள்ளலாம். ஒரே விலையுள்ள இரண்டு வேறு பொருள்களில், ஒன்று விட்டுப்போய் இன்னொன்று இரண்டு முறை ஏறியிருந்தால் மொத்தம் மாறாது. ஆனால் யார் பொருள் என்பது மாறிவிடும். அதனால் ஒட்டிய இடங்களில் மட்டும் வரிசையை ஒருமுறை போட்டோவோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

அடுத்த முறை போட்டோ எடுக்கும்போது...

பேனா ஒன்று போதும். பில்லை மேஜையில் விரித்து, ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் 1, 2, 3 என்று எண் போட்டுவிட்டு போட்டோ எடுங்கள். அப்புறம் எந்த வரி இரண்டு முறை வந்திருக்கிறது என்று யோசிக்கவே வேண்டாம். 11, 12 என்ற எண்களே சொல்லிவிடும். பால் பொறியும் இதில் பலிக்காது.

எண் போடப் பொறுமை இல்லையா? ஒவ்வொரு போட்டோவிலும் முந்தைய போட்டோவின் கடைசி நாலைந்து பொருள்களாவது விழட்டும். அதில் எடை போட்ட காய்கறி ஒன்று இருந்தால் ரொம்ப நல்லது. ஒரே பொருள் அடுத்தடுத்து வரும் இடத்தில் போட்டோவை முடிக்காதீர்கள். அதைத் தாண்டி, வேறு பொருள் வந்த பிறகு முடியுங்கள். வால் பகுதி கடைசி போட்டோவில் முழுசாக இருக்க வேண்டும். பனோரமா மோடில் இழுத்து எடுப்பது சுலபமாகத் தெரியும். ஆனால் ஒரே மாதிரி வரிகள் அடுக்கியிருக்கும் பேப்பரில் அது ஒரு வரியை விழுங்கினாலும், இரண்டு முறை காட்டினாலும் பார்த்தவுடன் தெரியாது.

வாங்கிய அன்றைக்கே எடுத்துவிடுங்கள். சூப்பர் மார்க்கெட் பில்கள் பெரும்பாலும் தெர்மல் பேப்பர். அதில் மையே கிடையாது; சூடு பட்டால் கறுக்கும் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. வெயிலிலோ, வண்டி டேங்க் கவரிலோ, எண்ணெய்க் கையிலோ நாலு நாள் கிடந்தால் எழுத்து மங்கிவிடும். முதலில் வெளுப்பது பால் வரியா, மொத்தத் தொகையா என்று யாருக்குத் தெரியும்?